போன் கடிகாரம் பிசகியிருந்தும் ஜிபிஎஸ் எப்படி இடத்தைச் சரியாகச் சொல்கிறது?

கேள்வி: சிக்னல் கிளம்பிய நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் ஜிபிஎஸ் தூரம் கணக்கிடுகிறது என்று படித்தேன். செயற்கைக்கோளில் அணுக் கடிகாரம் இருக்கிறது, சரி. என் போனில் இல்லையே? நொடியில் கோடியில் ஒரு பங்கு பிசகினாலே 30 மீட்டர் தப்பிவிடுமே? அதோடு, மூன்று தூரம் தெரிந்தால் இடம் தெரிந்துவிடும் என்கிறபோது நான்காவது செயற்கைக்கோள் எதற்கு?

பதில்:

உங்கள் முதல் கேள்விக்கான விடை இரண்டாவது கேள்விக்குள்ளேயே இருக்கிறது. போனின் கடிகாரம் எவ்வளவு பிசகியிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த நான்காவது செயற்கைக்கோள்.

முதலில் போன் கடிகாரத்தின் நிலைமையைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அது நீங்கள் நினைப்பதைவிட மோசம். அதில் இருப்பது ஒரு சிறிய குவார்ட்ஸ் படிகம். அதன் துடிப்பு பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு வேகமாகவோ மெதுவாகவோ இருப்பது சாதாரணம். அதாவது ஒரு நொடிக்கு ஒரு மைக்ரோ நொடி விலகும். ஒரு மைக்ரோ நொடியில் ஒளி 300 மீட்டர் போய்விடும். இந்தக் கணம் அந்தக் கடிகாரத்தை யாராவது துல்லியமாகத் திருத்தி வைத்தால்கூட, அடுத்த நொடியில் தூரக் கணக்கு 300 மீட்டர் தப்பும். ஒரு நிமிடத்தில் 18 கிலோமீட்டர். திரையில் தெரியும் நேரத்தை நம்பியும் பயனில்லை. அது இணையம் வழியாகவோ மொபைல் நெட்வொர்க் வழியாகவோ வந்த நேரம். ஒரு மில்லி நொடி பிசகினால் 300 கிலோமீட்டர் தப்பும்.

ஆகவே போன் தன் கடிகாரத்தை நம்புவதே இல்லை. நம்பாமல் எப்படிச் சமாளிக்கிறது என்பதை வானத்தில் பார்ப்பதற்கு முன் தரையில் பார்த்தால் எளிதாகப் புரியும்.

நேரான ஒரு சாலையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நீளம் 600 கிலோமீட்டர். மேற்குக் கோடியில் ஒரு கோபுரம், கிழக்குக் கோடியில் ஒரு கோபுரம். இரண்டிலும் ஒன்றோடொன்று அச்சாக ஒத்துப்போகும் கடிகாரங்கள். இரண்டும் தங்கள் கடிகாரம் காட்டும் நேரத்தை ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. நீங்கள் மேற்குக் கோபுரத்திலிருந்து 240 கிலோமீட்டரில் நிற்கிறீர்கள். ஒளியின் வேகத்தை நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேற்கின் சிக்னல் உங்களிடம் வர 0.8 மில்லி நொடி ஆகும். கிழக்கு 360 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அங்கிருந்து வர 1.2 மில்லி நொடி.

உங்கள் கையில் இருக்கும் கடிகாரம் அரை மில்லி நொடி வேகமாக ஓடிவிட்டது. உங்களுக்கு அது தெரியாது. மேற்கின் சிக்னல் வர 1.3 மில்லி நொடி ஆனதாக உங்களுக்குத் தோன்றும். அதைத் தூரமாக மாற்றினால் 390 கிலோமீட்டர். கிழக்கிலிருந்து 1.7 மில்லி நொடி, அதாவது 510 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 900. ஆனால் சாலையே 600 கிலோமீட்டர்தானே! 300 கிலோமீட்டர் அதிகமாக வருகிறது. கோபுரங்களின் கடிகாரங்கள் ஒத்துப்போகின்றன என்பதால், இந்த அதிகப்படி முழுவதும் உங்கள் கடிகாரத்தால் வந்தது. அது இரண்டு தூரத்திலும் ஒரே அளவில்தான் ஏறியிருக்க முடியும். ஆகவே பாதி பாதி: ஆளுக்கு 150 கிலோமீட்டர். கழித்தால் 240, 360. இடம் கிடைத்துவிட்டது. கூடவே, அந்த 150 கிலோமீட்டர் என்பது அரை மில்லி நொடிக்குச் சமம் என்பதால், உங்கள் கடிகாரத்தின் பிழையும் கிடைத்துவிட்டது.

சாலையில் இடத்தைச் சொல்ல ஒரே ஒரு எண் போதும். ஆனாலும் இரண்டு கோபுரங்கள் தேவைப்பட்டன, ஏனென்றால் தெரியாத எண்கள் இரண்டு: இடமும் கடிகாரப் பிழையும். பூமிப்பரப்பில் இடத்துக்கு மூன்று எண்கள் வேண்டும். கிழக்கு-மேற்கு, வடக்கு-தெற்கு, உயரம். கடிகாரப் பிழையைச் சேர்த்தால் நான்கு. தெரியாதவை நான்கு என்றால் சமன்பாடுகளும் நான்கு வேண்டும். நான்காவது செயற்கைக்கோளின் கதை இவ்வளவுதான். உங்கள் கையில் உண்மையிலேயே ஒரு அணுக் கடிகாரம் இருந்து, அது ஜிபிஎஸ் நேரத்தோடு ஒத்துப்போனால், மூன்றே போதும். கடலில் போகிற கப்பலைப் போல உயரம் முன்பே தெரிந்திருந்தாலும் மூன்று போதும்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. நேர் மேலே இருப்பதிலிருந்து சிக்னல் வர 67 மில்லி நொடியும், அடிவானத்தில் இருப்பதிலிருந்து வர சுமார் 86 மில்லி நொடியும் ஆகும். ஒரு கணத்தில் போனுக்கு நான்கு சிக்னல்கள் கேட்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் அது கிளம்பிய நேரம் பதிந்திருக்கிறது. உண்மையான நேரம் சரியாக 10 மணி. நான்கு செயற்கைக்கோள்களின் கடிகார முகங்களும் போனுக்கு இப்படித் தெரிகின்றன: 9:59:59.932, .928, .923, .917. தூரத்தில் இருப்பதன் முகம் பழைய நேரத்தைக் காட்டும். நான்கு மணிக்கூண்டுகளை ஒரே பார்வையில் பார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். போனின் சொந்தக் கடிகாரம் 4 மில்லி நொடி வேகமாக இருப்பதால் 10:00:00.004 என்கிறது. போன் கழித்துப் பார்க்கிறது: 72, 76, 81, 87 மில்லி நொடி. தூரமாக மாற்றினால் 21,600, 22,800, 24,300, 26,100 கிலோமீட்டர். இவற்றைப் போலித்தூரம் என்பார்கள், ஏனென்றால் நான்கிலும் 1,200 கிலோமீட்டர் பொய் கலந்திருக்கிறது.

இந்தத் தூரங்களை ஆரமாக வைத்து நான்கு கோளங்கள் வரைந்தால் அவை ஒரே புள்ளியில் சந்திக்காது. நான்கையும் ஒரே அளவு சுருக்கிக்கொண்டே வந்தால், சரியாக 1,200 கிலோமீட்டர் சுருக்கியபோது நான்கும் ஒரு புள்ளியில் கூடும். அந்தப் புள்ளியில் நீங்கள் இருக்கிறீர்கள். கணக்காக எழுதினால் ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் இப்படி ஒரு வரி:

```
ρᵢ = √((xᵢ−x)² + (yᵢ−y)² + (zᵢ−z)²) + c·b
```

`ρᵢ` அளந்த போலித்தூரம். `xᵢ, yᵢ, zᵢ` அந்தச் செயற்கைக்கோளின் இடம். அதன் சுற்றுப்பாதை விவரத்தை அதுவே சிக்னலில் அனுப்பிவிடுகிறது. `x, y, z` உங்கள் இடம். `b` உங்கள் கடிகாரப் பிழை, `c` ஒளியின் வேகம். இதை நேரடியாகத் தீர்ப்பதில்லை. ஒரு உத்தேச இடத்தில் தொடங்கி, அங்கே இருந்தால் எவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டும் என்று பார்த்து, வித்தியாசத்தை வைத்துத் திருத்தித் திருத்திப் போவார்கள். நீங்கள் பூமியின் மையத்தில் இருப்பதாக வைத்துத் தொடங்கினால்கூட நாலைந்து சுற்றில் சரியான இடத்துக்கு வந்துவிடும்.

இங்கே நான் ஒன்றைச் சட்டென்று தாண்டி வந்துவிட்டேன். செயற்கைக்கோளின் கடிகார முகத்தை நானோ நொடித் துல்லியத்தில் எப்படிப் படிப்பது? சிக்னல் தரைக்கு வரும்போது ரிசீவரின் சொந்த இரைச்சலைவிட மெலிந்திருக்கும். அலையாகப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் கூட்டல், கழித்தல் குறிகளால் ஆன ஒரு தனி வரிசை உண்டு. மொத்தம் 1,023 குறிகள். ஒரு மில்லி நொடிக்கு ஒருமுறை அந்த வரிசை முழுவதையும் அனுப்பிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பழைய, இன்றும் எல்லாப் போன்களும் கேட்கிற 1575.42 மெகாஹெர்ட்ஸ் சிக்னலில் எல்லா ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களும் ஒரே அலைவரிசையில்தான் பேசுகின்றன; ஆளை அடையாளம் காண்பது இந்த வரிசையை வைத்துத்தான். போனுக்கு எல்லா வரிசைகளும் தெரியும். அது தன்னிடம் உள்ள பிரதியை வந்த சிக்னலோடு குறிக்குக் குறி பெருக்கிக் கூட்டுகிறது. பிரதி பொருந்தவில்லை என்றால் கூட்டல்களும் கழித்தல்களும் ஒன்றையொன்று தின்றுவிடும். 63, −1, −65 ஆகிய மூன்றில் ஒன்றுதான் விடையாக வரும். பிரதியை ஒவ்வொரு குறியாக நகர்த்திக்கொண்டே போக, ஒரே ஒரு இடத்தில் மட்டும் எல்லாம் ஒத்துப்போய் 1,023 என்று எகிறும். இரைச்சல் எவ்வளவு இருந்தாலும் அது தாறுமாறாக வருவதால், கூட்டும்போது பெரும்பகுதி அடிபட்டுப்போகும். சிக்னல் மட்டும் சேர்ந்து வளரும்.

பிரதியை எவ்வளவு நகர்த்தியபோது எகிறியதோ, அதுதான் கடிகார முகம். ஒரு குறியின் நீளம் ஏறக்குறைய ஒரு மைக்ரோ நொடி, தூரத்தில் 293 மீட்டர். உச்சியின் இரண்டு சரிவுகளையும் ஒப்பிட்டு, குறியின் நூறில் ஒரு பங்கு வரை பிடிக்க முடியும். அது சுமார் 3 மீட்டர். ஆனால் வரிசை மில்லி நொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருவதால், எந்த மில்லி நொடி என்பது இதிலிருந்து தெரியாது. நிமிட முள் மட்டும் உள்ள கடிகாரம் போல. மணி முள்ளின் வேலையைச் செய்வது, அந்த வரிசையின் மேலேயே ஏற்றி அனுப்பப்படும் செய்தி. நொடிக்கு 50 பிட்டுகள் என்ற மந்தமான வேகத்தில் அது வரும். 6 நொடிக்கு ஒருமுறை நேர முத்திரை இருக்கும். முத்திரையிலிருந்து எத்தனை பிட், எத்தனை வரிசை கடந்தது என்று எண்ணிக்கொண்டால் முழு நேரமும் கிடைத்துவிடும். இணையம் இல்லாத இடத்தில் போன் முதல்முறை இடம் கண்டுபிடிக்க அரை நிமிடம் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இந்த மந்த வேகம்தான்: சுற்றுப்பாதை விவரம் 30 நொடிக்கு ஒருமுறைதான் முழுதாக வருகிறது. இணையம் இருந்தால் அந்த விவரத்தைப் போன் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும்.

சரி, போன் கடிகாரம் எவ்வளவு பிசகினாலும் பரவாயில்லை என்றால் செயற்கைக்கோளில் மட்டும் அணுக் கடிகாரம் எதற்கு? மீண்டும் சாலைக்குப் போவோம்.

உங்கள் கடிகாரம் இப்போது சரியாகவே ஓடுகிறது. ஆனால் மேற்குக் கோபுரத்தின் கடிகாரம் 10 மைக்ரோ நொடி பின்தங்கிவிட்டது. அதன் சிக்னல் வர நேரமானது போலத் தோன்றும். தூரம் 240-க்குப் பதில் 243 கிலோமீட்டர் என்று வரும். கிழக்கு 360. கூட்டினால் 603. அதிகப்படி 3 கிலோமீட்டர். முன்பு செய்தது போலவே நீங்கள் அதைப் பாதி பாதியாகக் கழிப்பீர்கள்: இடம் 241.5, கடிகாரப் பிழை 1.5 கிலோமீட்டர் அளவு. இரண்டுமே தவறு. அதைவிட மோசம், எல்லாம் அழகாகக் கூடி வந்துவிட்டது. தவறு நடந்ததற்கான தடயமே இல்லை. முதல் கணக்கில் 150 கிலோமீட்டர் பிழையை நீங்கள் மிச்சமில்லாமல் நீக்கினீர்கள், ஏனென்றால் அது எல்லாத் தூரத்துக்கும் பொதுவாக இருந்தது. இங்கே வெறும் 3 கிலோமீட்டர் பிழை ஒரே ஒரு கோபுரத்தில் இருந்ததால் உங்களை ஒன்றரைக் கிலோமீட்டர் நகர்த்திவிட்டது. எல்லோருக்கும் பொதுவான கடிகாரப் பிழை `b`-க்குள் போய்விடும். ஒருவருக்கு மட்டும் உள்ள பிழை உங்கள் இடத்துக்குள் வந்துவிடும். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் ஜிபிஎஸ் பற்றிப் படிக்கிற மற்றதெல்லாம் தானாக அதனதன் இடத்தில் போய் உட்காரும்.

தப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? மேற்குக் கோபுரத்துக்கும் மேற்கே 300 கிலோமீட்டரில் மூன்றாவது கோபுரம் ஒன்றை நிறுத்துங்கள். அதன் கடிகாரம் சரி; அதற்கும் உங்களுக்கும் 540 கிலோமீட்டர். நீங்கள் கண்டுபிடித்த 241.5 இடமும் 1.5 பிழையும் உண்மையானால், அங்கிருந்து 543 வந்திருக்க வேண்டும். வந்தது 540. 3 கிலோமீட்டர் இடிக்கிறது. யாரோ தவறாகச் சொல்கிறார்கள் என்பது தெரிந்துவிட்டது. யார் என்று தெரிய இன்னொரு கோபுரம் வேண்டும். விமானங்களில் உள்ள ரிசீவர்கள் இதைத்தான் செய்கின்றன: ஐந்து செயற்கைக்கோள் இருந்தால் தவறு இருக்கிறது என்று சொல்ல முடியும், ஆறு இருந்தால் தவறான ஒன்றை ஒதுக்கிவிட்டுத் தொடர முடியும். பல நாடுகளின் அமைப்புகளையும் சேர்த்துக் கேட்கிற இன்றைய போனுக்கு, திறந்த வெளியில் இருபது, முப்பது செயற்கைக்கோள்கள் தெரியும். நான்கு என்பது கணக்குக்கான குறைந்தபட்சம் மட்டுமே.

அதே சாலையில் இன்னொன்றையும் கவனியுங்கள். மேற்குக் கோபுரமும் மூன்றாவது கோபுரமும் உங்களுக்கு ஒரே பக்கத்தில் இருக்கின்றன. அந்த இரண்டை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இடமே கிடைக்காது. நீங்கள் எங்கே நின்றாலும் இரண்டு தூரங்களுக்கும் வித்தியாசம் 300 கிலோமீட்டர்தான். நீங்கள் கிழக்கே ஒரு கிலோமீட்டர் நகர்ந்தீர்களா, கடிகாரம் 3.3 மைக்ரோ நொடி வேகமானதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. போன் காட்டும் உயரம் எப்போதும் நம்பகம் குறைந்ததாக இருப்பதன் காரணம் இதுவே. செயற்கைக்கோள்கள் கிழக்கிலும் மேற்கிலும் வடக்கிலும் தெற்கிலும் இருக்கலாம். காலுக்குக் கீழே மட்டும் இருக்க முடியாது, பூமி மறைத்துவிடும். உயரத்தைப் பொறுத்தவரை எல்லோரும் ஒரே பக்கம். அதனால் உயரமும் கடிகாரப் பிழையும் ஒன்றோடொன்று குழம்பும். கிடைமட்டத்தில் 5 மீட்டர் பிழை இருக்கும் இடத்தில் உயரத்தில் 8, 10 மீட்டர் இருப்பது வழக்கம்.

இப்போது அணுக் கடிகாரத்துக்கு வருவோம். அது எப்போதும் மிகச் சரியான நேரத்தைக் காட்டிக்கொண்டிருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஒன்றின் கடிகாரம் சில நூறு மைக்ரோ நொடி விலகியிருப்பது சாதாரணம். 100 மைக்ரோ நொடி என்றாலே 30 கிலோமீட்டர். அதைத் திருத்தி வைக்க யாரும் அவசரப்படுவதில்லை. தரைநிலையங்கள் அந்த விலகலை அளந்து, அதற்கான எண்களைச் செயற்கைக்கோளுக்கு ஏற்றிவிடுகின்றன. செயற்கைக்கோள் அவற்றைத் தன் செய்தியோடு ஒலிபரப்புகிறது. `af0` என்பது இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது, `af1` எந்த வேகத்தில் விலகுகிறது, `af2` அந்த வேகம் எப்படி மாறுகிறது. போன் இவற்றைக் கழித்துவிட்டுத்தான் கணக்கைத் தொடங்கும்.

ஆகவே அந்தக் கடிகாரத்திடம் எதிர்பார்க்கப்படுவது ஒன்றுதான்: சொன்னபடி விலக வேண்டும். எண்கள் ஏற்றியது நேற்று. நீங்கள் பயன்படுத்துவது இன்று. இடைப்பட்ட நேரத்தில் அது எதிர்பாராதபடி ஆடினால், அந்த ஆட்டம் அந்த ஒரு செயற்கைக்கோளுக்கு மட்டும் உள்ள பிழை. பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஆடும் குவார்ட்ஸ் ஒரு நாளில் 86 மில்லி நொடி விலகும். ரூபிடியம் அணுக்களின் அதிர்வைப் பிடித்து ஓடும் கடிகாரத்தில் கணிப்புக்கும் உண்மைக்கும் இடையே ஒரு நாளில் வருவது சில நானோ நொடிதான்; ஒரு நானோ நொடி 30 சென்டிமீட்டர். இந்தக் கோடி மடங்கு வித்தியாசம்தான் அணுக் கடிகாரத்தை மேலே அனுப்புவதன் காரணம்.

கடிகாரம் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு தெளிவான உதாரணம் உண்டு. 2013 ஜூலையில் ஏவப்பட்ட, இந்தியாவின் சொந்த வழிகாட்டி அமைப்பைச் சேர்ந்த ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ செயற்கைக்கோளில் மூன்று ரூபிடியம் கடிகாரங்கள் இருந்தன. ஒன்று கெட்டால் இன்னொன்று. 2016-ல் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. செயற்கைக்கோளின் மற்ற பாகங்கள் வேலை செய்தன, செய்தி அனுப்பவும் முடிந்தது. ஆனால் இடம் கண்டுபிடிக்கும் கணக்கில் அதைச் சேர்க்க முடியாமல் போய்விட்டது.

சார்பியல் பற்றிக் கேட்காமல் இருந்தாலும், இந்த இடத்தில் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் எங்கும் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ஒரு கூற்று பாதிதான் சரி. மேலே ஈர்ப்பு குறைவு என்பதால் அங்குள்ள கடிகாரம் நாளுக்குச் சுமார் 45.7 மைக்ரோ நொடி வேகமாக ஓடும். நொடிக்கு கிட்டத்தட்ட 3.9 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதால் 7.2 மைக்ரோ நொடி மெதுவாகும். நிகரமாக 38.5 மைக்ரோ நொடி வேகம். இது வெறும் கணக்கல்ல. 1977 ஜூன் 23 அன்று ஏவப்பட்ட என்டிஎஸ்-2 என்ற சோதனைச் செயற்கைக்கோளில் சீசியம் கடிகாரத்தை முதல் 20 நாட்கள் திருத்தாமலே ஓடவிட்டுப் பார்த்தார்கள். எதிர்பார்த்த வேகக்கூடுதல் லட்சம் கோடியில் 446.5 பங்கு, அளந்தது 442.5 பங்கு. இன்றைய செயற்கைக்கோள்களில் 10.23 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பை ஏவுவதற்கு முன்பே 10.22999999543 என்று குறைத்து வைத்துவிடுகிறார்கள்.

இப்படிக் குறைக்காவிட்டால் நாளுக்கு 11 கிலோமீட்டர் இடம் தப்பிவிடும் என்று எழுதுகிறார்கள். 38 மைக்ரோ நொடியை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் அந்த எண் வரும். ஆனால் சாலைக் கணக்கை நினைத்துப் பாருங்கள். எல்லாச் செயற்கைக்கோள்களும் ஒரே உயரத்தில் இருப்பதால் எல்லாமே ஒரே அளவு வேகமாகும். அது பொதுப்பிழை. `b` அதை அப்படியே விழுங்கிவிடும். மிஞ்சுவது, 38 மைக்ரோ நொடி தவறான நேரத்தில் செயற்கைக்கோளின் இடத்தைக் கணக்கிடுவதால் வரும் பிழை. அந்த நேரத்தில் அது நகர்வது 15 சென்டிமீட்டர். எனவே, ஒரு நாளில் இடம் பெரிதாக நகராது.

இடத்தை உண்மையில் கெடுக்கக்கூடியது சார்பியலின் இன்னொரு சின்னப் பகுதி. சுற்றுப்பாதைகள் மிகச் சரியான வட்டம் அல்ல. பூமிக்கு நெருங்கும்போது கடிகாரம் மெதுவாகும், விலகும்போது வேகமாகும். பாதை வட்டத்திலிருந்து விலகும் அளவான மையவிலகல் 0.01 இருந்தால் கடிகாரம் 23 நானோ நொடி முன்னும் பின்னும் ஊசலாடும். தூரத்தில் 7 மீட்டர். எந்தச் செயற்கைக்கோள் தன் பாதையில் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து இது ஆளுக்கு ஆள் மாறும். பொதுப்பிழை அல்ல என்பதால் `b` இதை விழுங்காது. அதனால் உங்கள் போனே ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் இதைத் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கழிக்கிறது. 2014 ஆகஸ்டில் ஐரோப்பாவின் வழிகாட்டி அமைப்பான கலிலியோவின் இரண்டு செயற்கைக்கோள்கள் ராக்கெட்டின் மேலடுக்குக் கோளாறால் நீள்வட்டப் பாதையில் போய் மாட்டிக்கொண்டன. அவற்றில் இந்த ஊசல் ஏறக்குறைய 370 நானோ நொடி, அதாவது 110 மீட்டர். வழிகாட்டும் வேலைக்கு உதவாமல் போன அந்த இரண்டையும் வைத்து, ஈர்ப்பு நேரத்தை எப்படி மாற்றுகிறது என்பதை முன்னைவிடத் துல்லியமாக அளந்து 2018-ல் வெளியிட்டார்கள்.

உங்கள் கடிகாரம் சேர்க்காத மற்றப் பிழைகளையும் இதே அளவுகோலால் பிரித்துப் பார்க்கலாம். மேலே காற்று மண்டலத்தின் மின்னேறிய அடுக்கு சிக்னலைத் தாமதப்படுத்தும். நேர் மேலே இருக்கும் செயற்கைக்கோளுக்குச் சில மீட்டர். அடிவானத்தில் இருப்பதன் சிக்னல் அந்த அடுக்கைச் சாய்வாகக் கடப்பதால் அதைப்போல மூன்று மடங்கு. சமமாக இல்லாததால் இடம் நகரும். இரண்டு அலைவரிசைகளில் கேட்கும் போன்கள் இரண்டின் தாமத வித்தியாசத்திலிருந்து இதைக் கண்டுபிடித்து நீக்கிவிடும். உயர்ந்த கட்டிடங்களுக்கு நடுவே வேறு வகைத் தொல்லை: நேர்ச் சிக்னல் மறைந்து, எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பியது மட்டும் வரும். அந்த ஒரு செயற்கைக்கோளுக்கு மட்டும் 40, 50 மீட்டர் கூடிவிடும். வரைபடத்தில் உங்கள் புள்ளி சாலையின் மறுபக்கத்துக்குத் தாவினால் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

போன் கண்டுபிடித்த `b`-யை நீங்களே பார்க்கலாம். ஆண்ட்ராய்டு 7 முதல் மூல அளவீடுகளைச் செயலிகளுக்குக் கொடுக்கும் வசதி உண்டு. அதில் `FullBiasNanos`, `BiasNanos` இரண்டும் சேர்ந்து, போனின் உள்கடிகாரத்துக்கும் ஜிபிஎஸ் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நானோ நொடியில் சொல்லும். `DriftNanosPerSecond` என்ற எண்ணையும் தரும் போனாக இருந்தால் அதைக் கவனியுங்கள். குவார்ட்ஸ் பத்து லட்சத்தில் அரைப் பங்கு விலகினால் அங்கே 500 என்று இருக்கும். நொடிக்கு 150 மீட்டர் பிசகும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு போன் உங்களைச் சாலையின் சரியான ஓரத்தில் நிறுத்திக்கொண்டிருக்கும்.

நடந்து போகிறவருக்கு `b` ஒரு இடைநிலை எண் மட்டும். ஆனால் அதற்காகவே ரிசீவர் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மொபைல் கோபுரங்களும் மின்கட்டமைப்பின் அளவீட்டுக் கருவிகளும் ஒரே இடத்தில் நிற்பவை. அவற்றுக்குத் தங்கள் இடம் முன்பே தெரியும். தெரியாதது `b` ஒன்றுதான் என்பதால் ஒரே ஒரு செயற்கைக்கோளே போதும், மலிவான குவார்ட்ஸை அணுக் கடிகாரத்தோடு பூட்டிவிடலாம். அவர்களுக்குத் தேவையானது உலகப் பொது நேரம். பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக அதில் அவ்வப்போது சேர்க்கப்படும் லீப் நொடிகள் ஜிபிஎஸ் நேரத்தில் கிடையாது. 2017 முதல் அது உலகப் பொது நேரத்தைவிட 18 நொடி முன்னால் ஓடுகிறது. அந்த வித்தியாசத்தையும், அதற்கு மேல் உள்ள நானோ நொடித் திருத்தத்தையும் செயற்கைக்கோள்கள் தனியாக ஒலிபரப்புகின்றன.

2016 ஜனவரி 26 அன்று எஸ்விஎன்-23 என்ற பழைய ஜிபிஎஸ் செயற்கைக்கோளைச் சேவையிலிருந்து நீக்கியபோது, அந்தத் திருத்தத்தில் 13.7 மைக்ரோ நொடிப் பிழை நுழைந்து, வேறு பல செயற்கைக்கோள்களிலும் ஏறிவிட்டது. தூரமாகப் பார்த்தால் 4 கிலோமீட்டருக்கும் மேல். 12 மணி நேரத்துக்கும் மேலாக உலகெங்கும் நேரக் கருவிகள் எச்சரிக்கை எழுப்பின; பிரிட்டனில் டிஜிட்டல் வானொலி ஒலிபரப்பு தடைப்பட்டது. இடக் கணக்கில் அந்தத் திருத்த எண் வருவதே இல்லை. அதனால் அந்த 12 மணி நேரமும் போன்களும் கப்பல்களும் விமானங்களும் தங்கள் இடத்தை வழக்கம்போலச் சரியாகவே காட்டிக்கொண்டிருந்தன.